நேற்று ஓடிய கால்களோடு

ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசி வாரயிறுதியில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள ஃபாரஸ்ட்ஹில் என்ற சிறிய மலையூரில் ஓட்டக்காரர்கள் கூடுகிறார்கள். சனிக்கிழமை காலை பேருந்தில் ஏறி ராபின்சன் ஃபிளாட் என்ற மேட்டுக்குப் போய், அங்கிருந்து காட்டுப்பாதை வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் ஓடி ஊர் திரும்புகிறார்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, ஞாயிறு காலை மறுபடி 30 கிலோமீட்டர். திங்கள் காலை இன்னும் 32 கிலோமீட்டர். மூன்று நாளில் ஏறக்குறைய 110 கிலோமீட்டர்.

இது போட்டி அல்ல. ‘வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்’ என்ற 161 கிலோமீட்டர் போட்டிக்கான பயிற்சி முகாம். போட்டி ஜூன் மாதக் கடைசியில் நடக்கும். முகாமுக்கும் போட்டிக்கும் நடுவே சுமார் நான்கு வாரம் இருக்கும். 1974இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர், குதிரைகள் ஓடும் 100 மைல் பந்தயத்தில் குதிரை இல்லாமல் தானே ஓடி, 24 மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தப் போட்டி. சியர்ரா நெவாடா மலையில் தொடங்கி ஆபர்ன் என்ற ஊரின் பள்ளி மைதானத்தில் முடிகிறது. வழியில் மொத்தமாக 5,500 மீட்டர் ஏற்றமும் 7,000 மீட்டர் இறக்கமும் உண்டு. 30 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைத் தாண்டும் ஓட்டங்களை அல்ட்ரா என்கிறார்கள். மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர் 30, 32 கிலோமீட்டர் வரை ஓடிப் பார்த்துவிட்டுப் போட்டிக்குப் போகலாம். மீதிப் பத்துக் கிலோமீட்டரை அன்றைய வேகமும் கூட்டமும் கடத்திவிடும். 161 கிலோமீட்டருக்கு அந்தக் கணக்கு செல்லாது. போட்டித் தூரத்தில் முக்கால் பங்கை ஒரே மூச்சில் ஓடிப் பார்க்க வேண்டுமென்றால் 120 கிலோமீட்டர் ஓட வேண்டும். அப்படி ஓடியவரின் கால்கள் மீண்டும் ஒழுங்காகப் பயிற்சி எடுக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் போட்டி நாள் வந்துவிடும்.

அதனால்தான் அல்ட்ரா உலகம் நெடுந்தூரத்தை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து அடுத்தடுத்த நாட்களில் வைக்கிறது. ஓட்டக்காரர்கள் இதை ‘பேக் டு பேக்’ என்கிறார்கள். சனி ஒரு நீண்ட ஓட்டம், ஞாயிறு இன்னொன்று. நடுவில் ஓர் இரவுத் தூக்கம் இருக்கும்போது, அது ஒரே நீண்ட ஓட்டத்துக்கு எப்படி ஈடாகும் என்ற கேள்வி இயல்பாகவே எழும். அதற்கான விடை அந்த ஓர் இரவில் உடம்பு எதைச் சரிசெய்கிறது, எதைச் சரிசெய்வதில்லை என்பதில் இருக்கிறது.

முதலில் எரிபொருள். நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரையாகி, தசைகளிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. நன்றாகச் சாப்பிட்ட ஒருவரின் உடம்பில் இது சுமார் அரைக் கிலோ இருக்கும். ஏறக்குறைய 2,000 கலோரி. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவர் 50 கிலோமீட்டர் ஓடினால், சமதரையிலேயே 3,000 கலோரிக்கு மேல் போய்விடும். மலையென்றால் இன்னும் அதிகம். கொழுப்பு ஒரு பங்கைத் தந்தாலும், வழியில் சாப்பிட்டாலும், ஓட்டம் முடியும்போது தசையின் கிளைகோஜன் பெருமளவு காலியாகியிருக்கும்.

அதை மறுபடி நிரப்ப நன்றாகச் சாப்பிட்டாலும் 20 முதல் 24 மணி நேரம் ஆகும். தசை அடிபட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முடித்தவர் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், நடுவில் இருப்பது 17 மணி நேரம். அரைகுறையாக நிரம்பிய சேமிப்போடுதான் அவர் புறப்படுகிறார். முதல் நாள் நான்கு மணி நேரம் கழித்து வந்த கனமும் மந்தமும் இரண்டாம் நாள் ஒரு மணி நேரத்திலேயே வந்துவிடுகின்றன.

அடுத்தது தசை. இறக்கத்தில் ஓடும்போது முன்தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீட்டப்படுகிறது. ஒவ்வோர் அடியிலும் அது உடம்பைப் பிடித்து நிறுத்தும் பிரேக்காக வேலை செய்வதால், தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அந்த வலி உடனே தெரியாது. மறுநாள்தான் தலைகாட்டும்; 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். ஆகவே ஞாயிறு காலை எழுந்து படியிறங்கும்போது இருக்கும் கால்கள், சனிக்கிழமை ஓட்டத்தை முடித்த கால்களைவிடச் சில வகையில் மோசமானவை. தூக்கம் சோர்வைக் குறைத்திருக்கும். தசையின் காயம் அப்படியேதான் இருக்கும்.

இந்த இரண்டும் சேர்ந்துதான் ஈடு கட்டும் வேலையைச் செய்கின்றன. ஞாயிற்றுக்கிழமையின் முதல் கிலோமீட்டர், உடம்பைப் பொறுத்தவரை ஒரு நெடிய ஓட்டத்தின் பிற்பகுதி. அந்த இடத்துக்கு வந்து சேர அவர் ஒரேயடியாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட வேண்டியிருக்கவில்லை.

வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் முகாமின் மூன்று நாட்கள் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்றுகின்றன. முதல் நாள் பாதை போட்டியின் நடுப்பகுதி, ஆழமான மலைப்பள்ளத்தாக்குகள் வரும் இடம். ஒரு பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, ஆற்றைக் கடந்து, ‘டெவில்ஸ் தம்ப்’ என்ற முகட்டுக்குச் செங்குத்தாக ஏற வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தில் பெரும்பாலானவர்கள் நடக்கத்தான் செய்வார்கள். ஏறி முடித்ததும் மறுபடி அடுத்த பள்ளத்தாக்கின் அடிக்கு இறக்கம், பிறகு மிச்சிகன் பிளஃப் என்ற ஊருக்கு ஏற்றம். முன்தொடைகள் அடிபடுவது இங்கேதான்.

இரண்டாம் நாள் ஃபாரஸ்ட்ஹில்லில் தொடங்குகிறது. போட்டியில் இந்த ஊர் வருவது 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு. அங்கிருந்து 26 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கமாக, அமெரிக்கன் ஆற்றின் கரை வரை பாதை போகும். புதிய கால்களுக்கு இது சுகமான பாதை. பள்ளத்தாக்குகளில் அடிபட்ட கால்களுக்கு ஒவ்வோர் இறக்கமும் வலி. போட்டியில் பலருக்கு ஆட்டம் கலைவது இந்தப் பகுதியில்தான். ஏறுவதற்குத் தெம்பு இருக்கும், இறங்க முடியாது. முகாமுக்கு வந்தவர் அந்த நிலையைச் சனிக்கிழமையே சம்பாதித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அதே இறக்கத்தில் ஓடிப் பார்க்கிறார். அடியைச் சுருக்கி வைத்தால் வலி குறைகிறதா, எந்த வேகம் தாங்கும், எங்கே நடப்பது நல்லது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடுகின்றன.

மூன்றாம் நாள், ஆற்றுக்கு அப்பால் கிரீன் கேட்டிலிருந்து ஆபர்ன் வரை. இங்கே ஏற்றமும் இறக்கமும் பெரிதாக இல்லை. பாதை ஓடக்கூடியது என்பதே இதன் கஷ்டம். ஓட முடிகிற இடத்தில் கால்கள் ஓட மறுக்கும். இரண்டு நாள் களைப்போடு மெதுவாகவாவது ஓடிக்கொண்டே இருக்கும் பழக்கத்தை இந்த 32 கிலோமீட்டர் கொடுக்கிறது.

நான்கு வார இடைவெளிக்கும் காரணம் உண்டு. இறக்கத்தில் ஒரு முறை அடிபட்டு ஆறிய தசை, அடுத்த முறை அதே அளவு இறக்கத்தில் குறைவாகவே அடிபடும். உடற்பயிற்சி விஞ்ஞானம் நன்றாக ஆராய்ந்து உறுதி செய்த உண்மை இது. அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்காவது நிற்கும். முகாமில் பட்ட அடி முழுதாக ஆறுவதற்கும், கிடைத்த பாதுகாப்பு மங்காமல் இருப்பதற்கும் நான்கு வாரம் பொருத்தமான இடைவெளி. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு இதே முகாமை நடத்தினால், ஓட்டக்காரர்கள் ஆறாத கால்களோடு தொடக்கக் கோட்டில் நிற்பார்கள்.

மூன்று நாள் முகாம் எல்லோருக்கும் வாய்க்காது. வேலைக்குப் போய்க்கொண்டே 100 கிலோமீட்டர் போட்டிக்குத் தயாராகும் ஒருவருக்கு வாரயிறுதியின் இரண்டு நாட்கள்தான் கையில் இருக்கும். அவர் 65 கிலோ எடையுள்ளவர், நிதானமாக ஒரு கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் ஓடி நடப்பவர், வாரம் 50 கிலோமீட்டர் ஓடும் பழக்கம் உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்கு 16 வாரம் இருக்கிறது.

பயிற்சியின் உச்சத்தில் அவர் 65 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒரே நாளில் ஓடினால் 8 மணி 40 நிமிடம் ஆகும். பிரித்தால் சனிக்கிழமை 38 கிலோமீட்டர், ஞாயிறு 27. முதல் நாள் ஐந்து மணி நேரம், அடுத்த நாள் மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். மொத்த நேரம் ஒன்றுதான். ஆனால் ஒரே நாள் ஓட்டத்தின் கடைசி இரண்டு மூன்று மணி நேரம் நடை குலைந்து, இடுப்பு தொங்கி, பாதம் தாறுமாறாக விழுந்துதான் முடியும். பெரும்பாலான காயங்கள் பிடிப்பது அந்த நேரத்தில். பிரித்து ஓடும்போது அந்தக் குலைந்த நேரம் பெருமளவு குறைகிறது. வெயில் ஏறுவதற்குள் இரண்டு நாளும் வீடு திரும்பிவிடவும் முடிகிறது.

அவர் நேராக 38ம் 27மாகத் தொடங்கக்கூடாது. முதல் இணை 22ம் 14மாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் இணை ஓட்டம். நடுவில் வரும் வாரங்களில் ஒரே ஒரு நீண்ட ஓட்டம் போதும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளும் ஓர் இளைப்பாறும் வாரம். இப்படிப் படிப்படியாக ஏறி, போட்டிக்கு நான்கு வாரம் இருக்கும்போது 38, 27ஐத் தொட்டுவிட்டு, அதன்பின் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வெள்ளிக்கிழமை ஓய்வு. திங்கள் ஓய்வு. செவ்வாய் நடை அல்லது மிக மெதுவான சிறு ஓட்டம்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, முதல் நாளை வேகமாக ஓடிவிடுவது. சனிக்கிழமை கால்கள் புதிதாக இருக்கும், காலை குளிர்ச்சியாக இருக்கும், நண்பர்கள் கூட இருப்பார்கள். அந்த உற்சாகத்தில் கிலோமீட்டருக்கு ஏழு நிமிடத்தில் ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கொண்டால் இணை ஓட்டத்தின் பயன் போய்விடும். சனிக்கிழமையின் வேலை கால்களைக் களைப்பாக்குவது. பயிற்சி நடப்பது ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் ஓட்டம் முழுவதும் பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். ஏற்றங்களில் நடக்க வேண்டும். போட்டியிலும் நடக்கத்தான் போகிறார்.

இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் என்ன சாப்பிடுகிறார் என்பதும் பயிற்சியின் பகுதி. ஓடி முடித்த முதல் நான்கு மணி நேரத்தில் கிளைகோஜன் வேகமாகச் சேரும். அந்த நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் அளவு. நம் ஓட்டக்காரருக்கு மணிக்கு 65 கிராம். நம் சாப்பாட்டில் அது ஏறக்குறைய மூன்று இட்லியும் ஒரு பெரிய வாழைப்பழமும். அடுத்த மணி நேரத்துக்குச் சோறும் பருப்பும், அதன் பிறகு இன்னொரு வேளை. ஓடும்போதும் மணிக்கு 50, 60 கிராம் உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். போட்டியில் எதைச் சாப்பிடப் போகிறாரோ அதையே ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது. களைத்த உடம்பில் ஜெல் குமட்டுகிறதா, உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் இறங்குகிறதா என்பது சனிக்கிழமையைவிட ஞாயிற்றுக்கிழமையே தெளிவாகத் தெரியும்.

சாப்பிடாமல் பட்டினியோடு இரண்டாம் நாள் ஓடினால் பயன் இன்னும் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அரைகுறையாக நிரம்பிய சேமிப்பே போதிய பாடம். அதற்கு மேல் பட்டினி போட்டால் ஓட்டம் பாதியில் நின்றுபோகும், எதிர்ப்புச் சக்தி இறங்கும், தசை ஆறுவது தள்ளிப்போகும்.

ஞாயிறு காலை ஓடலாமா கூடாதா என்று முடிவெடுப்பதுதான் இந்த முறையில் கடினமான பகுதி. வலி இருக்கும் என்று தெரிந்தே இந்தப் பயிற்சியில் இறங்கியிருப்பதால், எந்த வலியும் சாதாரணமாகத் தோன்றிவிடும். இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி, பரவலாக, மந்தமாக இருக்கும் வலி தசையின் வலி. பத்து நிமிடம் நடந்து, மெதுவாக ஓட ஆரம்பித்தால் அது இளகும். ஒரே காலில், விரலால் தொட்டுக்காட்டக்கூடிய ஓர் இடத்தில் இருப்பது வேறு வகை. கெண்டைக்கால் எலும்பின் உட்பக்கமோ பாதத்தின் மேற்புறமோ அப்படி வலித்து, அந்தக் காலால் ஒற்றைக்காலில் குதித்தால் சுரீரென்று ஏறுமானால், எலும்பில் அழுத்த முறிவு தொடங்கியிருக்கலாம். அன்று ஓட்டம் கிடையாது. ஓடத் தொடங்கிய பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலும், நொண்டினாலும் நிறுத்திவிட வேண்டும். ஒரு பக்கம் நொண்டி ஓடிய 27 கிலோமீட்டர் மறுபக்க முழங்காலையும் கெடுத்துவிடும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது எச்சரிக்கை மணியைக் கழற்றிவிடுவதற்குச் சமம். இதில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டக்காரர்களிடமே ஆய்வு நடந்திருக்கிறது. டேவிட் நீமன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 2006இல் வெளியிட்ட முடிவுப்படி, இபுப்ரோஃபென் சாப்பிட்டு ஓடியவர்களுக்குத் தசைச் சேதமோ வலியோ குறையவில்லை. உடம்பின் அழற்சி கூடியிருந்தது. தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கும் சுமை. ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், தசை பெருமளவில் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்ற அறிகுறி. மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் இணை ஓட்டத்தால் ஈடு கட்ட முடியாதவை சில இருக்கின்றன. பன்னிரண்டு மணி நேரம் தொடர்ந்து குலுங்கிய வயிறு எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஐந்து மணி நேர ஓட்டம் காட்டாது. வியர்வையில் ஊறிய பாதத்தில் எங்கே கொப்புளம் வரும் என்பதும் இரண்டு நாளும் காய்ந்த காலுறை போட்டுக் கிளம்புபவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தூக்கமில்லாத இரவு, தலைவிளக்கின் ஒளிவட்டத்துக்குள் கற்களைப் பார்த்துப் பார்த்து ஓடும் மணி நேரங்கள், விடியற்காலை மூன்று மணிக்கு வரும் மனத்தளர்ச்சி, இவை எதுவும் நடுவில் படுக்கை இருக்கும் பயிற்சியில் வருவதில்லை.

போட்டி அமைப்பாளர்களும் இதை அறிந்தே விதி வைத்திருக்கிறார்கள். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் இடம் கேட்டுக் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டுமென்றால், அவர்கள் ஏற்கும் பட்டியலில் உள்ள ஒரு 100 கிலோமீட்டர் அல்லது அதைவிட நீளமான போட்டியைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். எத்தனை வாரயிறுதி இணை ஓட்டங்கள் ஓடியிருந்தாலும் அது கணக்கில் வராது.

ஆகவே 100 கிலோமீட்டருக்குத் தயாராகும் நம் ஓட்டக்காரர், உச்ச இணைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே 50 கிலோமீட்டர் போட்டி ஒன்றைப் பயிற்சியாக ஓடிவிடுவது நல்லது. அந்த ஒரு நாள் வயிற்றையும் பாதத்தையும் சோதித்துவிடும். இன்னொரு வாரம், சனிக்கிழமை காலை ஓட்டத்துக்குப் பதிலாக வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குத் தலைவிளக்கோடு கிளம்பி மூன்று மணி நேரம் ஓடலாம். சில மணி நேரம் தூங்கிவிட்டுச் சனிக்கிழமை காலை இரண்டாவது ஓட்டம். இடைவெளி 17 மணி நேரத்திலிருந்து ஏழெட்டு மணி நேரமாகச் சுருங்குவதால் தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்: இரவு 20, காலை 15 போதும். இருட்டும் தூக்கக் குறைவும் நிரம்பாத கிளைகோஜனும் ஒரே வாரயிறுதியில் சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடு இது. 16 வாரத் திட்டத்தில் இப்படி ஒன்று, வழக்கமான இணைகள் நான்கைந்து, ஒரு 50 கிலோமீட்டர் போட்டி. கடைசி மூன்று வாரத்தில் இணை ஓட்டமே கிடையாது.